எல்லாம் அறிந்த விலை ஏன் இருக்க முடியாது: தகவல் முரண்புதிரின் கணக்கு

பங்குச் சந்தை பற்றிய செய்திகளில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு பேச்சுகள் அடிக்கடி வருகின்றன. "எல்லாச் செய்தியும் ஏற்கெனவே விலையில் இருக்கிறது, ஆராய்ந்து பங்கு வாங்கிப் பயனில்லை, சந்தையின் பங்குகளை ஆராயாமல் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டுப் போங்கள்" என்பது ஒன்று. முதலீட்டு நிறுவனங்கள் ஆய்வாளர்களை அமர்த்தி, தரவுகளை விலைகொடுத்து வாங்கி, நிறுவனங்களைத் துருவி ஆராய்வதற்குப் பெரும்பணம் செலவிடுகின்றன என்பது இன்னொன்று. முதல் பேச்சு உண்மையானால் இரண்டாவது கூட்டம் பணத்தை வீணடிக்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் ஆராய்வதை நிறுத்திவிட்டால், செய்தி விலைக்குள் எப்படிப் போய்ச் சேரும்?

இந்தக் கேள்வியை விளையாட்டுக்குக் கேட்டதாக எண்ணிக் கடந்துவிட முடியாது. சான்ஃபோர்ட் கிராஸ்மன், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 1980-இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் வெளியிட்ட கட்டுரை இதே கேள்வியைக் கணிதமாக எழுதி, தகவல் திரட்டச் செலவு பிடிக்கும் வரை முழுத் திறன் கொண்ட சந்தை இருக்கவே முடியாது என்று காட்டியது. அந்த வாதத்தைச் சிறு எண்களோடு படிப்படியாகப் பார்க்கலாம்.

## "திறன்" என்றால் இங்கே என்ன பொருள்

பேச்சுவழக்கில் சந்தை திறனாக இயங்குகிறது என்றால் வேகமாக, குறைந்த கட்டணத்தில், தடங்கல் இல்லாமல் இயங்குகிறது என்று கொள்வோம். பொருளியலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் குறுகலானது: ஒரு பங்கின் விலை, அதன் மதிப்பைப் பற்றிக் கிடைக்கக்கூடிய தகவலைத் தனக்குள் வைத்திருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

யூஜின் ஃபாமா 1970-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரை இதை மூன்று படிகளாகப் பிரித்தது.

1. வலுக்குறைந்த வடிவம்: பழைய விலைகளில் உள்ள தகவல் மட்டும் இன்றைய விலையில் இருக்கிறது.
2. நடுத்தர வடிவம்: பொதுவெளியில் வந்த எல்லாத் தகவலும் விலையில் இருக்கிறது.
3. வலுவான வடிவம்: வெளியே வராத தனித்தகவல்கூட விலையில் இருக்கிறது.

நம் முரண்புதிர் முதன்மையாகத் தொடுவது மூன்றாம் படியை என்று தோன்றும். உண்மையில் இரண்டாம் படியையும் அது விடுவதில்லை. "பொதுவெளியில் உள்ள தகவல்" இலவசமான தகவல் என்று நாம் எண்ணிக்கொள்வதுதான் அதற்குக் காரணம். அதைப் பிறகு பார்ப்போம்.

## விலை ஓர் அறிவிப்புப் பலகை

முரண்புதிரின் வேர், விலை செய்யும் இரட்டை வேலையில் இருக்கிறது. வாங்குபவர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதே நேரத்தில் மற்றவர்கள் என்ன அறிந்திருக்கிறார்கள் என்பதையும் ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுக்கிறது.

ஒருவர் ஒரு நிறுவனத்தின் கணக்குகளைப் பல வாரம் படித்து, அதன் பங்கு இப்போதைய விலையைவிட அதிகம் பெறும் என்று கண்டுபிடிக்கிறார். அந்த அறிவைப் பணமாக்க அவருக்கு ஒரே வழி, பங்கை வாங்குவது. வாங்கினால் விலை ஏறும். விலை ஏறுவதைத் திரையில் பார்க்கும் மற்றவர், ஒரு பக்கம்கூடப் படிக்காமல், "யாருக்கோ நல்ல செய்தி தெரிந்திருக்கிறது" என்று ஊகித்துக்கொள்கிறார். முன்னவர் செலவழித்துப் பெற்றதைப் பின்னவர் இலவசமாகப் பெற்றுவிட்டார்.

இந்த ஊகம் முட்டாள்தனமானதல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். விலையைப் பார்த்து மற்றவர்களின் அறிவைக் கணிப்பவர் நன்றாகவே யோசிக்கிறார். முரண்புதிருக்கு மடையர்கள் தேவையில்லை. எல்லோரும் நன்றாக யோசித்தால்தான் அது முழு வேகத்தில் எழுகிறது.

## முடிச்சு விழும் இடம்

இப்போது ஒரு தூய்மையான சந்தையைக் கற்பனை செய்வோம். அதில் பங்கு வாங்க, விற்க ஒரே காரணம் மதிப்பைப் பற்றிய தகவல்தான். அவசரப் பணத்தேவைக்காக விற்பவரோ, வதந்தியை நம்பி வாங்குபவரோ அங்கே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் விலை துளி அசைந்தாலும் அதற்குக் காரணம் தகவல் மட்டுமே என்று எல்லோருக்கும் தெரியும். எனவே ஒரே ஒருவர் ஆராய்ந்து வாங்க முனைந்தாலும் விலை உடனே சரியான மதிப்புக்குத் தாவிவிடும்.

அப்போது நடப்பது இது:

1. எல்லோரும் ஆராய்கிறார்கள் என்று கொள்வோம். விலை முழுச் சரியாக இருக்கிறது. ஆராய்ந்தவருக்கும் ஆராயாதவருக்கும் ஒரே விலை, ஒரே வருவாய். ஆனால் ஆராய்ந்தவர் செலவும் செய்திருக்கிறார். அவர் அடுத்த முறை ஆராயமாட்டார்.
2. இப்படி ஒவ்வொருவராக விலக, கடைசியில் யாருமே ஆராயவில்லை என்று கொள்வோம். விலையில் எந்தத் தகவலும் இல்லை. இப்போது தனியொருவர் ஆராய்ந்தால் பெரும் ஆதாயம் காத்திருப்பதாகத் தெரிகிறது. அவர் இறங்குகிறார்.
3. அவர் இறங்கிய கணமே விலை எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிடுகிறது. அவருக்கு மிஞ்சுவது செலவு மட்டும். அவரும் விலகுகிறார். மீண்டும் இரண்டாம் நிலை.

எல்லோரும் ஆராயும் நிலையும் நிலைக்காது, ஒருவரும் ஆராயாத நிலையும் நிலைக்காது, இடையில் நிற்கவும் இடமில்லை. பொருளியலின் மொழியில் சொன்னால் இங்கே சமநிலையே இல்லை. கிராஸ்மன் 1976-இல் தனியாக எழுதிய கட்டுரையிலேயே இந்த இக்கட்டைத் தொட்டுவிட்டார்: பலரிடம் சிதறிக் கிடக்கும் தகவலை விலை முழுமையாகத் திரட்டித் தந்துவிட்டால், அந்தத் தகவலைத் தேடும் தூண்டுதலையே அது அழித்துவிடுகிறது.

செலவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வாதம் மாறாது என்பதுதான் இதில் கடினமான பகுதி. செலவு பூஜ்யமாக இருந்தால் மட்டுமே எல்லோரும் அறிந்த, முழுச் சரியான விலை நிலைக்கும். ஒரு காசு செலவு வந்தாலும் அது குலைந்துவிடும்.

## இரைச்சல் என்ற மறைப்பு

நிஜச் சந்தைகள் குலைந்து போகாமல் நடப்பதற்குக் காரணம், அவை மேலே சொன்னபடி தூய்மையாக இல்லாததுதான். மதிப்போடு தொடர்பில்லாத காரணங்களுக்காகப் பலர் வாங்கி விற்கிறார்கள். ஒருவர் வீடு கட்டப் பணம் வேண்டி விற்கிறார். ஓய்வூதிய நிதி ஒன்று மாதந்தோறும் வரும் சந்தாப் பணத்தை முதலீடு செய்ய வேண்டியிருப்பதால் வாங்குகிறது. இன்னொருவர் தனக்கு ஏதோ தெரியும் என்று தவறாக நம்பி வாங்குகிறார். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொருளியலார் வைத்த பெயர் இரைச்சல். கிராஸ்மனும் ஸ்டிக்லிட்ஸும் இதைச் சந்தைக்கு வரும் பங்குகளின் எண்ணிக்கை தற்செயலாகக் கூடிக் குறைவதாக எழுதினார்கள். ஃபிஷர் பிளாக் 1986-இல் நிதிச் சந்தைகள் இயங்குவதே இரைச்சலால்தான் என்று வாதிட்டார்.

இரைச்சல் இருக்கும்போது விலை ஏறினால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வருகிறது. யாராவது நல்ல செய்தி அறிந்து வாங்குகிறாரா, அல்லது யாருக்கோ வேறு காரணமா? அவர் பாதி நம்புகிறார், பாதி நம்புவதில்லை. அந்தச் சந்தேகத்தின் அளவுக்கு ஆராய்ந்தவரின் இரகசியம் காப்பாற்றப்படுகிறது. இரைச்சல்தான் அவருக்குத் திரை.

## ஒரு பங்கு, இருபது ஆய்வாளர்கள்

இதை எண்களில் பார்ப்போம். எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பங்கின் உண்மை மதிப்பு 120 அல்லது 80. இரண்டுக்கும் வாய்ப்பு சமம். எதுவும் தெரியாதவருக்கு அதன் நியாய விலை 100. எது உண்மை என்று கண்டுபிடிக்க ஒருவருக்கு ஆகும் செலவு 4,000. கண்டுபிடித்தவர் 1,000 பங்குகள் வரை வாங்கவோ விற்கவோ முடியும்.

விலையின் தெளிவு என்று ஓர் அளவை வைப்போம். அது பூஜ்யமானால் விலையில் தகவலே இல்லை, எப்போதும் 100. அது 1 ஆனால் விலை முழுச் சரி; 120 அல்லது 80. நடுவே 0.5 ஆனால் நல்ல செய்தியின்போது சராசரி விலை 110, கெட்ட செய்தியின்போது 90. ஆராய்பவர் கூடக்கூடத் தெளிவு கூடும். இரைச்சல் கூடினால் தெளிவு குறையும். கணக்கு எளிதாக இருக்க இந்த விதியை எடுத்துக்கொள்வோம்:

```
தெளிவு = ஆய்வாளர்கள் ÷ (ஆய்வாளர்கள் + இரைச்சல்)
```

மூலக் கட்டுரையின் கணிதம் இதைவிடச் சிக்கலானது. இது நம் வசதிக்கான எளிய வடிவம். ஆனால் முக்கியமான முடிவுகளை இது அப்படியே காட்டும். இரைச்சலின் அளவு 5 என்று வைப்போம்.

- 5 பேர் ஆராய்ந்தால் தெளிவு 0.5. நல்ல செய்தியின்போது விலை 110, மதிப்பு 120. பங்குக்கு 10 ஆதாயம். 1,000 பங்குக்கு 10,000. செலவு போக ஒவ்வொருவருக்கும் மிச்சம் 6,000. இதைப் பார்த்து இன்னும் பலர் வருவார்கள்.
- 10 பேர் ஆனால் தெளிவு ஏறத்தாழ 0.67. ஆதாயம் சுமார் 6,667. மிச்சம் சுமார் 2,667. இன்னும் வரலாம்.
- 45 பேர் குவிந்துவிட்டால் தெளிவு 0.9. விலை 118. ஆதாயம் 2,000 மட்டும்; ஒவ்வொருவருக்கும் 2,000 நட்டம். சிலர் வெளியேறுவார்கள்.
- 20 பேர் இருக்கும்போது தெளிவு 0.8. விலை 116. பங்குக்கு 4 வீதம் 1,000 பங்குக்கு ஆதாயம் 4,000. செலவும் 4,000. புதிதாக யாரும் வரமாட்டார்கள். இருப்பவர் யாரும் போகமாட்டார்கள்.

கெட்ட செய்திக்கும் இதே கணக்குதான்: 20 பேர் இருக்கும்போது மதிப்பு 80 ஆன பங்கை அவர்கள் 84-க்கு விற்கிறார்கள்.

ஆக, சமநிலையில் விலை 116-இல் நிற்கிறது. 120-ஐத் தொடுவதில்லை. அந்த 4 வித்தியாசத்தைச் சந்தையின் குறை என்று சொல்லிவிடத் தோன்றும். உண்மையில் அதுதான் மற்ற 16-ஐ விலைக்குள் கொண்டுவந்தவர்களின் கூலி. கூலியை எடுத்துவிட்டால் வேலையும் நின்றுபோகும். விலை 100-க்கே திரும்பிவிடும்.

செலவு மாறினால் என்ன ஆகும் என்பதும் இதிலேயே தெரிகிறது. கண்டுபிடிக்கும் செலவு 4,000-இலிருந்து 1,000-க்கு இறங்கினால், தெளிவு 0.95 ஆகி விலை 119-ஐ எட்டும். செலவு 10,000 ஆனால் தெளிவு 0.5-இல் நின்றுவிடும். 20,000-ஐத் தாண்டினால் ஒருவரும் ஆராயமாட்டார். தகவலின் விலை எவ்வளவோ, அந்த அளவுக்குச் சந்தை விலை உண்மையிலிருந்து தள்ளி நிற்கிறது.

## இந்தக் கூலியை யார் தருகிறார்கள்

இருபது ஆய்வாளர்களும் சேர்ந்து பெற்ற ஆதாயம் 80,000. சந்தையில் ஒருவரின் ஆதாயம் இன்னொருவரின் இழப்பிலிருந்துதான் வருகிறது. விலையைப் பார்த்து நிதானமாக ஊகித்து வாங்குபவர்கள் சராசரியாக இழப்பதும் இல்லை, பெறுவதும் இல்லை. ஆக அந்த 80,000-ஐத் தந்தவர்கள் இரைச்சல் பக்கத்தில் இருப்பவர்கள்: அவசரத்துக்கு விற்றவர், தவறாக நம்பி வாங்கியவர். விலையைச் சரியாக வைத்திருக்கும் ஊழியத்துக்கு வரி கட்டுபவர்கள் அவர்களே. அவர்களில் பலருக்கு அது தெரியாது. தேவைக்காக விற்கும் ஒருவர் இந்தச் சுமையைத் தாங்குவது நியாயமா என்பது தனிக் கேள்வி. எனக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது.

இங்கே எதிர்பாராத ஒரு முடிவும் வருகிறது. இரைச்சல் 5-இலிருந்து 10 ஆக இரட்டித்தால் விலை இன்னும் மங்கலாகும் என்றுதான் முதலில் தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் கணத்தில் தெளிவு 20/30, அதாவது 0.67 ஆகக் குறைகிறது. உடனே ஆராய்பவருக்கு மிச்சம் பெருகுகிறது, புதியவர்கள் வருகிறார்கள். ஆய்வாளர் எண்ணிக்கை 40 ஆனதும் தெளிவு 40/50, அதே 0.8. இரைச்சல் கூடியது, ஆராய்பவர்களும் அதே விகிதத்தில் கூடினார்கள், விலையின் தெளிவு மாறவில்லை. கிராஸ்மன், ஸ்டிக்லிட்ஸ் கட்டுரையிலும் இதே முடிவு இருக்கிறது. தெளிவைத் தீர்மானிப்பது இரைச்சல் அல்ல; தகவலின் செலவும் அதனால் கிடைக்கக்கூடிய ஆதாயமும்தான்.

இரைச்சல் 1 ஆகக் குறைந்தால் 4 ஆய்வாளர்கள் போதும். தெளிவு அப்போதும் 0.8. ஆனால் இரைச்சல் பூஜ்யமே ஆகிவிட்டால் கணக்கு உடைகிறது. முதல் ஆய்வாளர் வந்ததுமே தெளிவு 1 ஆகி, ஆதாயம் பூஜ்யம் ஆகிறது. முன்பு பார்த்த முடிச்சு இதுதான்.

## வெளியே கிடக்கும் தகவலுக்கும் செலவு உண்டு

தகவல் செலவு என்றதும் இரகசியத்தைத் துப்பறியும் செலவு என்று நினைக்கத் தோன்றும். செய்தித்தாளில் அச்சான தகவலுக்கு என்ன செலவு? இதற்கு விடை சொல்லும் நிகழ்வு ஒன்று 1998-இல் அமெரிக்காவில் நடந்தது. குர் ஹூபர்மன், டோமர் ரெகெவ் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-இல் அதை விரிவாக எழுதினார்கள்.

என்ட்ரெமெட் என்ற சிறிய உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்துக்கு, புற்றுக்கட்டிகளுக்குப் போகும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் மருந்துகளில் உரிமை இருந்தது. எலிகளில் அந்தச் சிகிச்சை தந்த நல்ல முடிவுகள் 1997 நவம்பர் இறுதியில் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியாயின. 'நியூயார்க் டைம்ஸ்' அப்போதே உள்பக்கத்தில் அதைச் செய்தியாகப் போட்டது. ஐந்து மாதம் கழித்து, 1998 மே 3, ஞாயிற்றுக்கிழமை, அதே நாளிதழ் அதே ஆராய்ச்சியை முதல் பக்கத்தில் வெளியிட்டது. அடிப்படையில் புதிய தகவல் எதுவும் அதில் இல்லை. வெள்ளிக்கிழமை சுமார் 12 டாலரில் முடிந்திருந்த பங்கு, திங்கட்கிழமை காலை 85 டாலரில் தொடங்கி, அன்று சுமார் 52 டாலரில் முடிந்தது. அடுத்து வந்த வாரங்களிலும் அது 30 டாலருக்கு மேலேயே இருந்தது.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். நவம்பரில் தகவல் பொதுவெளியில் இருந்தது. ஆனால் அறிவியல் இதழைப் படித்து, எலியில் கண்ட முடிவு எந்த நிறுவனத்தின் வருவாயை எப்படிப் பாதிக்கும் என்று மொழிபெயர்க்கும் உழைப்பு இலவசமாக இல்லை. அந்த உழைப்பைச் செய்தவர்கள் போதாததால் விலை அதை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது ஒரு வாசிப்பு. மே மாதத்தில் வந்தது வெறும் கவனமும் உற்சாகமும், அதாவது இரைச்சலின் பேரலை என்பது இன்னொரு வாசிப்பு. 85-ஐ ஒரே நாளில் 52 ஆக இறக்கிய வேகம் இரண்டாவதற்குச் சான்று. 12-க்கு அது திரும்பிப் போகாதது முதலாவதற்குச் சாய்வது போலத் தெரிந்தாலும் உறுதியான சான்று ஆகாது. ஏனெனில் உற்சாகமும் வாரக்கணக்கில் நீடிக்கக்கூடும். இரண்டும் கலந்தே நடந்தன என்பது என் கணிப்பு. எப்படிப் படித்தாலும் ஒன்று தெளிவு: அச்சில் இருப்பது வேறு, விலையில் இருப்பது வேறு. நடுவே படித்துப் புரிந்துகொள்ளும் செலவு இருக்கிறது.

## இதன் விளைவாக எதை எதிர்பார்க்கலாம்

முதல் விளைவு சிறிய நிறுவனங்களைப் பற்றியது. நம் எடுத்துக்காட்டில் ஆய்வாளர் 1,000 பங்குகள் வாங்க முடிந்தது. அதே பங்கு, அதே 120-80 வித்தியாசம், அதே 4,000 செலவு. ஆனால் சந்தையில் புழங்கும் பங்குகள் குறைவு என்பதால் ஒருவர் 100 பங்குகளுக்கு மேல் வாங்க முடியாது என்று வைப்போம். கிடைக்கக்கூடிய அதிகபட்ச ஆதாயமே 20 × 100 = 2,000. ஆராய்வதற்கு ஒருவரும் வரமாட்டார்கள். விலை 100-இலேயே கிடக்கும். அந்த நிறுவனத்தைப் பற்றிய உண்மை பெரிய நிறுவனத்தைப் பற்றிய உண்மையைவிட மறைவானது என்று பொருளல்ல. அதைத் தேடும் செலவைத் திருப்பித் தரும் அளவுக்கு அதன் சந்தை அகலமாக இல்லை, அவ்வளவுதான். எனவே ஒரே சந்தையில் சில பங்குகளின் விலை மிகத் தெளிவாகவும் சிலவற்றின் விலை மங்கலாகவும் இருப்பது இயல்பு. "சந்தை திறனானதா?" என்று மொத்தமாகக் கேட்பதைவிட, "இந்தப் பங்கை ஆராய எவ்வளவு ஆகும், ஆராய்ந்தால் எவ்வளவு எடுக்கலாம்?" என்று கேட்பதே பொருத்தமானது.

இரண்டாவது விளைவு இன்டெக்ஸ் ஃபண்டுகளைப் பற்றியது. எல்லோரும் அவற்றுக்குப் போய்விட்டால் விலையைச் சரிபார்க்க ஆளில்லாமல் சந்தை குருடாகிவிடும் என்ற அச்சம் அடிக்கடி எழுகிறது. வெளியேறுபவர் யார் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல வேண்டும்.

1. வெளியேறுபவர்கள் இரைச்சல் பக்கத்தவர்கள் என்றால், இரைச்சல் 5-இலிருந்து 2 ஆகும். ஆய்வாளர்கள் 20-இலிருந்து 8 ஆகச் சுருங்குவார்கள். தெளிவு 8/10, அதே 0.8. ஆராய்ச்சிக்கு ஆன மொத்தச் செலவு 80,000-இலிருந்து 32,000 ஆகக் குறைகிறது. விலையின் தரம் குறையவில்லை. எஞ்சிய ஆய்வாளர்களுக்குப் போட்டி கடுமையாக இருப்பதாகத் தோன்றும். முன்பு போல எளிதில் ஏமாறுபவர் எதிரே இல்லை.
2. வெளியேறுபவர்கள் ஆய்வாளர்கள் என்றால், 20 பேர் 10 ஆகும்போது தெளிவு 0.67-க்கு இறங்கும். ஆனால் எஞ்சிய ஒவ்வொருவருக்கும் செலவு போக 2,667 மிஞ்சும். அந்த மிச்சமே புதியவர்களை அழைத்துவரும்.

எனவே இன்டெக்ஸ் முதலீட்டுக்குத் தானாகவே ஒரு வரம்பு இருக்கிறது. இதில் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டியது காலம். நல்ல ஆய்வாளரை உருவாக்க ஆண்டுகள் பிடிக்கும். கணக்கில் ஒரே வரியில் திரும்பி வருபவர்கள் நிஜத்தில் அவ்வளவு விரைவில் வருவதில்லை. இடைக்காலத்தில் விலைகள் தவறாக இருக்கலாம்.

## எப்படி அளப்பது, எங்கே வழுக்கும்

இந்தக் கோட்பாட்டை நிஜ எண்களோடு ஒப்பிட முயன்றவர்களில் ஒருவர் கென்னத் ஃப்ரெஞ்ச். அமெரிக்கப் பங்குகளில் 1980 முதல் 2006 வரை, சந்தையை வெல்லும் முயற்சிக்காக முதலீட்டாளர்கள் செலவிட்ட கூடுதல் தொகையை அவர் கணக்கிட்டார். ஃபண்டுக் கட்டணங்கள், நிறுவன முதலீட்டாளர்களின் நிர்வாகச் செலவு, வாங்கல் விற்றல் செலவு ஆகியவற்றைக் கூட்டி, எல்லோரும் சும்மா சந்தையை வைத்திருந்தால் ஆகும் செலவைக் கழித்தால், சராசரியாக ஆண்டுக்குச் சந்தையின் மொத்த மதிப்பில் 0.67 விழுக்காடு வந்தது. விலையைச் சரியாக வைத்திருக்க அந்தச் சமூகம் கட்டிய கூலியின் தோராய அளவாக இதைக் கொள்ளலாம். தோராயம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இந்தச் செலவு முழுதும் உண்மையான ஆராய்ச்சிக்குப் போனதல்ல, விளம்பரத்துக்கும் பயனற்ற வாங்கல் விற்றலுக்கும் போனதும் இதில் சேர்ந்திருக்கிறது.

தனிமனிதருக்கு அளவுகோல் எளிது, ஆனால் அதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் சந்தையைவிட 3 விழுக்காடு அதிகம் ஈட்டினார் என்றால் சந்தை திறனற்றது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. அவர் செலவிட்ட நேரம், வாங்கிய தரவு, எடுத்துக்கொண்ட கூடுதல் இடர் ஆகியவற்றைக் கழித்த பிறகும் ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். சமநிலையில் இருந்த நம் இருபது ஆய்வாளர்களும் சந்தையை "வென்றார்கள்". 116-க்கு வாங்கி 120 பெற்றார்கள். ஆனால் செலவைக் கழித்தால் ஒருவரிடமும் எதுவும் மிஞ்சவில்லை. ஆதாயம் இருப்பதும், இலவச ஆதாயம் இல்லாததும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

இடரைக் கழிப்பதுதான் இதில் மிகக் கடினமானது. எவ்வளவு இடருக்கு எவ்வளவு வருவாய் நியாயம் என்று சொல்ல ஒரு கோட்பாடு தேவை. அந்தக் கோட்பாடே தவறாக இருந்தால், மிச்சமாகத் தெரிவது சந்தையின் பிழையா, கோட்பாட்டின் பிழையா என்று பிரித்தறிய முடியாது. ஃபாமா பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டிவந்த சிக்கல் இது.

அதே ஃபாமா 1991-இல் எழுதிய இரண்டாம் ஆய்வுரையில், தகவலுக்கும் வாங்கல் விற்றலுக்கும் செலவு இருப்பது உறுதி என்பதால், விலைகள் எல்லாத் தகவலையும் முழுமையாகக் காட்டுகின்றன என்ற கடுமையான வடிவம் நிச்சயமாகப் பொய் என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பதிலாக மைக்கேல் ஜென்சன் 1978-இல் தந்த தளர்ந்த வரையறையைப் பொருளாதார நோக்கில் ஏற்கத்தக்கதாகக் காட்டினார்: இன்னும் ஒரு தகவலைத் தேடிச் செயல்பட்டால் வரும் கூடுதல் பயன், அதற்கு ஆகும் கூடுதல் செலவைத் தாண்டாத இடம்வரை விலைகள் தகவலைக் காட்டுகின்றன. நம் எடுத்துக்காட்டில் அந்த இடம்தான் 116. இருபத்தோராவது ஆய்வாளர் உள்ளே வந்தால் தெளிவு 21/26, ஆதாயம் சுமார் 3,846, செலவு 4,000. கதவருகே வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.